இரண்டு மொழி, ஒரே பட்டறை: சுவாமிமலை ஸ்தபதி ஒருவருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொழில் அறிமுகம் எழுதிய முறை

"முருகன் உற்சவர், உயரம் 2 அடி" என்று தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் அதையே 24 அங்குலம் என்று எழுதினேன். அளவு ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள் இரண்டு வெவ்வேறு விக்ரகங்களை மனதில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பட்டறையின் வழக்கத்தில் 2 அடி என்றால் பீடத்தின் அடியிலிருந்து, சுவாமியைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியின் உச்சி வரை. அங்கே வாங்கிப் பழகிய கோயில்காரர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கோயில் குழுவினரோ, முருகனின் பாதம் முதல் கிரீடம் வரை 24 அங்குலம் என்று எடுத்துக்கொண்டார்கள். மெழுகு உருவம் முடிந்து, அளவுநாடா வைத்துப் படம் அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பீடம் 4 அங்குலம், சுவாமி 17, கிரீடத்துக்கு மேலே திருவாசி 3. அவர்கள் எதிர்பார்த்ததைவிட முருகன் 7 அங்குலம் குறைவு. மெழுகு நிலையிலேயே தெரிந்ததால் உலோகம் வீணாகவில்லை. ஆனால் உருவத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று, மூன்று வாரம் போயிற்று.

ஸ்தபதி ஐயா கோபப்படவில்லை. "தம்பி, நீங்க எழுதுனது தப்பில்ல. ஆனா எங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு இரண்டு மொழிப் பக்கங்களையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். அப்படி எழுதியபோது கண்ட முறைதான் இது. சிலைத் தொழிலை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உள்ளே போய்ப் பார்த்த தொழில் அது.

முதலில் மூலத்தாள்

எந்த மொழியிலும் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் பட்டறையின் உண்மைகளை எழுதிக்கொள்ளுங்கள். நான் இதை மூலத்தாள் என்று சொல்வேன். இது யாருக்கும் காட்டுவதற்கல்ல. அழகான வாக்கியமும் இதில் வேண்டாம். இரண்டு பக்கங்களும் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றை மொழிபெயர்த்தால் முதல் பக்கத்தில் சொல்லாமல் விட்டது இரண்டாவதிலும் விட்டுப்போகும். என் 2 அடிக்கு நடந்தது அதுதான்.

எங்கள் மூலத்தாளில் இருந்தவை இவை. வேலை மெழுகு வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மண்ணைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது. வார்ப்பு கனம், உள்ளே கூடு கிடையாது. அச்சு ஒரு தடவைதான். உடைத்துத்தான் விக்ரகத்தை எடுக்க முடியும், ஆகவே இன்னொரு விக்ரகம் இதே அச்சில் வராது. உலோகத்தில் செம்பு அதிகம், பித்தளையும் ஈயமும் குறைவு, பொன்னும் வெள்ளியும் வாங்குபவர் கொடுத்தால் அல்லது கேட்டால் சிறிதளவு. அளவு எப்படி எடுக்கிறோம் என்பதற்கு மூன்று எண்கள்: பீடம், சுவாமி, திருவாசியோடு மொத்தம். வேலை முடிய எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் திருத்தம் சொல்லலாம், எதற்குப் பிறகு சொல்ல முடியாது.

இதை எழுதும்போது ஸ்தபதியிடம் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: "இதை ஒருத்தர் எழுத்துல காட்டிக் கேட்டா, ஆமான்னு சொல்வீங்களா?" பொன் விஷயத்தில் இந்தக் கேள்விதான் உதவியது. பேச்சில் எல்லாரும் "ஐம்பொன்" என்பார்கள், தப்பில்லை, அது அந்த உலோகக் கலவையின் பெயர். ஆனால் 'ஐந்து உலோகங்களும் சேர்ந்தது, பொன் உட்பட' என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவர் அதை உலோகப் பரிசோதனைக்கு உட்பட்ட வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். ஐயா சிறிது யோசித்துவிட்டு, "கேட்டவங்களுக்குத்தான் போடுறோம்னு எழுதிடுங்க" என்றார். அந்த வரி அப்படியே இரண்டு மொழியிலும் போயிற்று.

யார் படிக்கிறார், முதலில் என்ன கேட்பார்

தமிழ்ப் பக்கம் உள்ளூர்க்காரருக்கு, ஆங்கிலப் பக்கம் வெளிநாட்டவருக்கு என்று பிரித்தால் கணக்கு தவறும். தமிழில் படிப்பவர் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் இருக்கிறார். ஆங்கிலத்தில் படிப்பவர் பெங்களூரில் வீடு கட்டுகிற தஞ்சாவூர்க்காரராக இருக்கலாம், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத அவருடைய மகளாகவும் இருக்கலாம்.

பிரிக்க வேண்டியது ஊரை வைத்து அல்ல, அவர் கொண்டுவரும் முன்னறிவை வைத்து. பட்டறைக்கு வந்த பழைய விசாரணைகளை, தொலைபேசியில் கேட்டதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும், ஒரு முப்பது நாற்பது எடுத்து முதல் கேள்வியை மட்டும் எழுதிப் பாருங்கள். எங்களுக்கு வந்த வரிசை தெளிவாகவே இரண்டாகப் பிரிந்தது.

திருப்பணிக் குழுவினரும் குலதெய்வக் கோயில் பூசாரிகளும் கேட்டது: சாஸ்திரப்படி அளவு எடுப்பீர்களா, எத்தனை கிலோ வரும், கும்பாபிஷேகத் தேதிக்கு முன் கிடைக்குமா, நல்ல நாள் பார்த்து வார்ப்பீர்களா. இவர்களுக்கு மெழுகு வார்ப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். சொன்னால், இவருக்கு நம்மைத் தெரியவில்லை என்று நினைப்பார்கள்.

ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கேட்டது: இது கையால் செய்ததா, அச்சில் எடுத்ததா, எப்படி அனுப்புவீர்கள், சுங்கத்தில் சிக்கல் வருமா, செய்யும்போது படம் அனுப்புவீர்களா. இவர்களுக்கு 'உத்தம தசதாளம்' என்று சிற்ப சாஸ்திர அளவுமுறையின் பெயரை எழுதினால் அது வெறும் ஒலி.

ஆக, வாக்குறுதி ஒன்று, வரிசை இரண்டு. தமிழ்ப் பக்கத்தில் முதல் பத்தி அளவும் எடையும் தேதியும். ஆங்கிலப் பக்கத்தில் முதல் பத்தி செய்முறையும் அனுப்பும் முறையும். மூலத்தாளில் இருக்கும் எதுவும் எந்தப் பக்கத்திலும் விடுபடக் கூடாது, இடம்தான் மாறும்.

தமிழ்ப் பக்கம் எழுதும்போது

தமிழில் நம் பெரிய ஆபத்து அடைமொழி. 'புகழ்பெற்ற', 'பாரம்பரியம் மிக்க', 'தலைமுறை தலைமுறையாக' என்று தொடங்கினால் கல்யாணப் பத்திரிகை போல ஆகிவிடும். படிப்பவர் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நான் எழுதிய முதல் வடிவத்தில் முதல் நான்கு வரியில் ஒரு தகவல்கூட இல்லை. மாற்றி எழுதியது இது:

"கோயில் உற்சவர் விக்ரகங்களை மெழுகு வார்ப்பில், கன வார்ப்பாகச் செய்கிறோம். தென்னை ஓலை நறுக்கை மடித்துத் தாளக் கணக்கில் அளவு எடுக்கிறோம். 2 அடி என்று நாங்கள் எழுதினால் பீடமும் திருவாசியும் சேர்ந்த மொத்த உயரம். சுவாமியின் உயரத்தைத் தனியாகக் குறித்துக் கொடுப்போம். மெழுகு உருவத்தை நேரில் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே மண் பூசுவோம்."

ஐந்து வாக்கியத்தில் தொழிலும் அளவும் பொறுப்பும் வந்துவிட்டன. தாளக் கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளத்தில் உயரம் 124 பங்கு என்பது தெரிந்த கோயில்காரர் இந்தப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் பட்டறையை நம்புவார். தெரியாதவருக்கும் அது இடைஞ்சல் ஆகாது.

சொல் தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. பூஜைக்குப் போகும் உருவத்தைக் கோயில்காரர்கள் சிலை என்று சொல்வது குறைவு; விக்ரகம், உற்சவர், திருமேனி என்பார்கள். ஆனால் தேடுபவர்கள் கைபேசியில் தட்டுவது பெரும்பாலும் 'ஐம்பொன் சிலை'. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பக்கத்தின் தலைப்பிலும் படங்களின் பெயரிலும் 'ஐம்பொன் சிலை', உள்ளே பேசும்போது 'உற்சவர் விக்ரகம்' என்று வைத்தேன். ஸ்தபதியைச் சிற்பி என்று எழுதட்டுமா என்றும் கேட்டேன். "ஸ்தபதின்னே இருக்கட்டும்" என்றார். அவரை ஊர் எப்படி அழைக்கிறதோ அதுதான் அவருடைய பெயர்.

ஆங்கிலப் பக்கம் எழுதும்போது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழ்ச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல் என்று நாம் நினைப்பது, அங்கே சட்டத்திலும் வணிகத்திலும் வேறு பொருள் சுமந்து நிற்கும். மூன்று சொற்களைச் சொல்கிறேன். மூன்றுமே எங்கள் பழைய பக்கத்தில் இருந்தவை.

முதலாவது 'ஆன்டிக்'. கடைத்தெருவில் 'ஆன்டிக் ஃபினிஷ்' என்றால் பளபளப்பு இல்லாமல், கறுப்பேற்றிப் பழசு போலக் காட்டும் மெருகு, அவ்வளவுதான். ஆனால் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு பழம்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிலை தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய விக்ரகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குவது வழக்கம். ஒரு பக்கம் அந்தச் சான்றுக்கு விண்ணப்பம், இன்னொரு பக்கம் நம் பக்கத்திலும் பில்லிலும் 'ஆன்டிக்' என்ற சொல். சோதிப்பவர் மனதில் சந்தேகம் எழ நாமே காரணம் கொடுக்கிறோம். கோயில் சிலைத் திருட்டுச் செய்திகள் இந்தப் பகுதியை விட்டு இன்னும் போகவில்லை. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே கறுப்பேற்றிய மெருகு என்று அந்த வேலையின் பெயரையே எழுதினோம், பக்கத்தில் 'புதிதாகச் செய்தது' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் ஒவ்வொரு விக்ரகத்துக்கும் சேர்த்தோம்.

இரண்டாவது 'சோழா ப்ரான்ஸ்', அதாவது சோழர் வெண்கலம். அருங்காட்சியகத்தோடு பழகியவர் இதைப் படித்தால் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி என்றுதான் புரிந்துகொள்வார். புதியதை அப்படி எழுதுவது பொய்யாகிவிடும், எழுதியவர் மனதில் பொய் இல்லாவிட்டாலும். 'சோழர் பாணியில் புதிதாகச் செய்தது' என்று எழுதினால் பெருமையும் குறையாது, உண்மையும் கெடாது. தமிழிலும் இதே கவனம் வேண்டும்: 'சோழர் காலச் சிலை' வேறு, 'சோழர் பாணி' வேறு.

மூன்றாவது 'ஐடல்'. நம் ஊர் ஆங்கிலச் செய்தித்தாள்களில் அன்றாடம் வரும் சொல்தான். ஆனால் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு அது வேறு மதத்தார் நம்மை இகழ்ந்து சொல்லும் சொல்லாகக் காதில் விழுகிறது. வழிபாட்டுக்கு வாங்குபவர்கள் 'மூர்த்தி' என்றே எழுதுகிறார்கள். வீட்டு வரவேற்பறைக்கு வாங்கும் கட்டடக் கலைஞர் 'ஸ்கல்ப்சர்' என்கிறார். எனவே ஆங்கிலப் பக்கத்துக்குள்ளேயே கோயிலுக்கு ஒரு பகுதி, வீட்டுக்கு ஒரு பகுதி என்று இரண்டு வைத்தோம். பொருளும் செய்முறையும் ஒன்றுதான். பூஜைக்குப் போகும் விக்ரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு, அலங்காரத்துக்குப் போவதற்கு இல்லை என்பதை அங்கே ஒரு வரியில் சொன்னோம். சமயத்தை மறைத்துப் பொதுவாக எழுதினால் அதிகம் பேருக்கு விற்கும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். செய்யவில்லை. அப்படிச் செய்தால் இரண்டு மொழியிலும் இரண்டு வேறு பட்டறைகள் இருப்பது போல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை வைத்து 'எங்கள் பட்டறை புவிசார் குறியீடு பெற்றது' என்று எழுதுவது சரியல்ல. குறியீடு அந்த ஊரின் கைவினைக்கு உரியது. அந்தப் பெயரையும் முத்திரையையும் தன் பொருளுக்குப் போட்டுக்கொள்ள, ஒவ்வொரு பட்டறையும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் எண்ணோடு எழுதுங்கள். இல்லையென்றால் 'புவிசார் குறியீடு பெற்ற சுவாமிமலையின் மரபில்' என்பதோடு நிறுத்துங்கள், முத்திரைப் படத்தைப் போடாதீர்கள். தமிழ்ப் பக்கத்தில் ஒருவகையாகவும் ஆங்கிலத்தில் கூட்டியும் எழுதும் பழக்கம் இந்த இடத்தில்தான் அதிகம் பார்க்கிறேன்.

செய்முறையை ஆங்கிலத்தில் விளக்கும்போது நீளத்துக்கு அஞ்ச வேண்டாம். தமிழில் 'மெழுகு வார்ப்பு' என்ற இரண்டு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆறு வாக்கியம் தேவைப்பட்டது: மெழுகு உருவம், மண் பூச்சு, சுடுதல், ஊற்றுதல், உடைத்தல், உளியால் நகாசு வேலை. அந்த ஆறு வாக்கியத்துக்கும் பட்டறையில் எடுத்த ஆறு படங்கள். அச்சை உடைக்கும் படத்தின் கீழே 'இந்த அச்சு இனி இல்லை' என்று எழுதினோம். கையால் செய்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்தபதி என்பதை ஆங்கில எழுத்தில் `Sthapathi` என்றும் `Sthapati` என்றும் எழுதுகிறார்கள். ஊரை `Swamimalai` என்றும் `Swami Malai` என்றும். பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று என்று இருந்தால் பணம் அனுப்புகிறவர் தயங்குவார், ஏற்றுமதி ஆவணத்திலும் கேள்வி வரும். வங்கிக் கணக்கிலும் ஜிஎஸ்டி பதிவிலும் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். அழகான எழுத்துக்கூட்டல் எது என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

எங்கே, எப்படி வைப்பது

இணையப் பக்கம் இருந்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி முகவரி வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், கீழே அதே பத்தி ஆங்கிலம் என்று போட்டால் படிப்பவருக்கும் சலிப்பு, தேடுபொறிக்கும் எந்த மொழிப் பக்கம் இது என்று குழப்பம். இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று இணை என்று சொல்ல, இரண்டிலுமே `head` பகுதியில் இதைச் சேர்க்கும்படி பக்கம் அமைப்பவரிடம் சொல்லுங்கள்:

```
<link rel="alternate" hreflang="ta" href="https://example.com/ta/" />
<link rel="alternate" hreflang="en" href="https://example.com/en/" />
```

இது இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் தேடுபொறி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பார்ப்பவரின் ஊரை வைத்துத் தானாக மொழி மாற்றும் ஏற்பாட்டை வைக்க வேண்டாம். டொரண்டோவிலிருந்து தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் பெரியவரை ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். மேலே தெரிகிற இடத்தில் 'தமிழ்' என்று தமிழிலேயே ஒரு பொத்தான் போதும்.

கூகுள் வரைபடத்தில் வரும் தொழில் விவரம் வேறு வகை. ஒரு பட்டறைக்கு ஒரு பதிவுதான். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று இரண்டு தொடங்கினால் ஒன்றை நீக்கிவிட வாய்ப்புண்டு. பெயரில் பலகையில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும், 'சிறந்த ஐம்பொன் சிலை' என்றெல்லாம் பெயரோடு ஒட்டக் கூடாது. விவரக் குறிப்புக்கு 750 எழுத்து இடம். இரண்டு மொழியும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால், இங்கே மூலத்தாளின் நான்கு வாக்குறுதிகளை மட்டும் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதினோம்.

அப்போது ஒன்று கவனித்தேன். தமிழ் சீக்கிரம் இடத்தை நிரப்பிவிடுகிறது. கணினிக் கணக்கில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 'சுவாமிமலை' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 9. ஆகவே 750-ஐப் பாதியாகப் பிரித்தால் தமிழில் சொல்லக்கூடியது நாம் நினைப்பதைவிடக் குறைவு. குறுஞ்செய்தியில் இது இன்னும் கடுமை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. கோயில் குழுவுக்கு 'மெழுகு உருவம் தயார், பார்க்க வரவும்' என்று அனுப்பும் செய்தி அந்த 70-க்குள் அடங்கும்படி முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டோம்.

வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில் வசதி உண்டு. சாய்கோட்டைத் தட்டினால் முன்பே எழுதி வைத்த பதில் வரும். அளவு பற்றி `/alavu` என்று தமிழிலும் `/size` என்று ஆங்கிலத்திலும் இரண்டு பதில்கள் வைத்தோம். இரண்டிலும் அதே மூன்று எண்களும் அளவுநாடா வைத்த ஒரே படமும். அறிமுகப் பக்கத்தில் கவனமாக எழுதிவிட்டு, அவசரத்தில் தட்டும் பதிலில் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவது எளிது. உண்மையில் பேரம் நடப்பது அந்தப் பதிலில்தான்.

இரண்டையும் ஒத்துப்பார்ப்பது

எழுதி முடித்த பிறகு நீங்களே ஒத்துப்பார்த்தால் பிழை தெரியாது. மனம் விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். நான் செய்தது இது. ஆங்கிலப் பக்கத்தை, தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, இந்தப் பட்டறை என்னென்ன வாக்குக் கொடுக்கிறது என்று தமிழில் வாயால் சொல்லச் சொன்னேன். என் அக்கா மகள், கல்லூரியில் படிப்பவள். அவள் சொல்லச் சொல்ல நான் மூலத்தாளில் குறித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு இடம் சிக்கியது. 'எத்தனை தடவை வேணா திருத்தித் தருவாங்க போல, மாமா' என்றாள். மூலத்தாளில் மெழுகு நிலையில் மட்டும்தான் திருத்தம். ஆங்கிலத்தில் பணிவாக எழுதப் போய், 'உங்களுக்குத் திருப்தி ஆகும்வரை' என்ற பொருள் வந்துவிட்டிருந்தது. உலோகம் ஊற்றிய பிறகு முகத்தை மாற்றச் சொன்னால் ஸ்தபதி என்ன செய்வார்? தமிழில் அந்தக் கட்டுப்பாடு தெளிவாக இருந்தது, ஆங்கிலத்தில் கரைந்துபோயிருந்தது. இரண்டாவது, எடை. ஆங்கிலத்தில் ஒரே எண் கொடுத்திருந்தேன். கன வார்ப்பில் எடை முன்கூட்டியே துல்லியமாகத் தெரியாது. அதை 'தோராயமாக இவ்வளவு, முடிந்த பிறகு எடைபோட்டு எழுதித் தருவோம்' என்று மாற்றினோம்.

பிறகு தமிழ்ப் பக்கத்தை ஸ்தபதி ஐயாவின் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவர். "கூலியும் உலோகமும் தனித்தனியா இருக்குன்னு இதுல இல்லியே" என்றார். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் எல்லாருக்கும் தெரியும் என்று விட்டிருந்தேன். சேர்த்தோம். விலையைப் பற்றி ஒரு முடிவும் அப்போதுதான் எடுத்தார்கள்: ஒரே விக்ரகத்துக்கு எந்த மொழியில் கேட்டாலும் ஒரே கணக்கு, பெட்டி கட்டும் செலவும் அனுப்பும் செலவும் மட்டும் தனி வரியில்.

மாற்றம் வந்தால்

செம்பு விலை ஏறும், முன்பண விகிதம் மாறும், வேலை முடியும் காலம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீளும். மண் பூச்சு காய வெயில் வேண்டுமே. எது மாறினாலும் முதலில் மூலத்தாளில் திருத்தி, தேதி போட்டு, பிறகு தமிழ்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம், வரைபடக் குறிப்பு, விரைவுப் பதில் என்று நான்கு இடத்திலும் ஒரே உட்காரலில் மாற்றுகிறோம். நான்கு இடத்தின் பெயரையும் மூலத்தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒன்றை நாளைக்கு என்று விட்டால் அந்த ஒன்றைத்தான் வாங்குபவர் படம் பிடித்து அனுப்புவார்.

அந்த வெளிநாட்டுக் கோயில் குழு மறுபடி எழுதியது, இந்த முறை வள்ளிக்கும் தெய்வானைக்கும். அவர்கள் கேட்ட அளவிலேயே மூன்று எண்கள் இருந்தன: பீடம், அம்மன், மொத்தம். கூடவே, மெழுகு உருவத்தின் படத்தை அளவுநாடாவோடு எப்போது அனுப்புவீர்கள் என்று ஒரு வரி. ஐயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஓலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.